மாதம் ஒரு பலகாரப் பெட்டி: சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்புக்கு மாதம் ஒருமுறை பலகாரப் பெட்டி தர, பக்கத்துத் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவினர் முன்வந்திருக்கிறார்கள். குறைந்தது 40 வீடுகள் சேர்ந்தால் தொடங்கலாம் என்கிறார்கள். விவரம் சொல்லும் வேலையைச் செயலாளர் என்னிடம் கொடுத்தார். வங்கியில் கணக்கு எழுதிய பழக்கத்தில், வரவு செலவு இரண்டையும் சொல்லிவிடுகிறேன். சேருவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

பெட்டியில் ஐந்து பொருள்கள். கை முறுக்கு கால் கிலோ, தட்டை கால் கிலோ, ரிப்பன் பக்கோடா 200 கிராம், கடலை மிட்டாய் 200 கிராம், எள்ளுருண்டை 200 கிராம். மொத்தம் 1 கிலோ 100 கிராம். வீட்டு வாசலில் தருவது உட்பட விலை 399 ரூபாய்.

இது லாபமா? நம் பகுதிக் கடையில் இதே தரத்தில் முறுக்கு, தட்டை, ரிப்பன் மூன்றும் கிலோ 400 ரூபாய். கடலை மிட்டாய் 300, எள்ளுருண்டை 450. பெட்டியில் உள்ள அளவுக்குக் கணக்குப் போட்டால் முறுக்கு 100, தட்டை 100, ரிப்பன் 80, கடலை மிட்டாய் 60, எள்ளுருண்டை 90. கூட்டினால் 430 ரூபாய். ஆக மாதம் 31 ரூபாய் மிச்சம். பெரிய தொகை இல்லை.

அந்த 31 ரூபாயும் ஐந்தையும் சாப்பிடும் வீட்டுக்குத்தான். உங்கள் வீட்டில் எள்ளுருண்டையை யாரும் தொடமாட்டார்கள் என்று வையுங்கள். அப்போது உங்களுக்குப் பயன்படுவது 340 ரூபாய்ப் பொருள், கொடுப்பது 399. மாதம் 59 ரூபாய் நஷ்டம். எந்த மாதப் பெட்டியானாலும், "இதில் உள்ளதையெல்லாம் கடையில் தனியாகப் பார்த்தால் வாங்குவோமா?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட வேண்டும். இதைச் சொன்னதும் குழுவினர் ஒரு வசதிக்கு ஒப்புக்கொண்டார்கள். ஐந்தில் ஏதாவது ஒன்றை வேண்டாம் என்று சொல்லி, அதற்குப் பதில் முறுக்கோ தட்டையோ அதே எடைக்கு வாங்கிக்கொள்ளலாம். எள்ளுருண்டைக்குப் பதில் 200 கிராம் முறுக்கு வந்தால் அதன் கடை விலை 80 ரூபாய். மொத்தம் 420 ஆகிறது. நஷ்டம் போய் 21 ரூபாய் மிச்சமாகிறது.

விலையை விடப் பெரிய ஆதாயம் பலகாரம் புதிதாகக் கிடைப்பது. பெட்டி வரும் நாள் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை, காலை 10 மணி முதல் 1 மணிக்குள். அதற்கு முந்தைய வியாழன், வெள்ளியில்தான் சுடுகிறார்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் தயாரித்த தேதி, எடை, உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் மூன்றும் இருக்கும். வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். எண்ணெயில் பொரித்ததற்கு 25 நாள் கெடு போட்டிருக்கிறார்கள். பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். முறுக்கில் காறல் வாடை வந்தாலோ, நாக்கில் லேசாகக் கசந்தாலோ எண்ணெய் கெட்டுவிட்டது என்று பொருள். மழைக்காலத்தில் கடலை மிட்டாய் பிசுபிசுக்கும். அது வெல்லம் ஈரம் இழுப்பதால் வருவது. அதனால் அந்த மாதங்களில் மிட்டாயை முதலில் தீர்த்துவிடுங்கள்.

இனி பணம். மாதாமாதம் 1ஆம் தேதி யுபிஐ தானியங்கிப் பற்று மூலம் 399 ரூபாய் எடுக்கப்படும். தொடங்கும்போது ஒருமுறை ரகசிய எண்ணைப் போட்டு ஒப்புதல் தருவீர்கள். அதன் பிறகு 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் எண் கேட்காது. ஆகவே ஒப்புதல் திரையை அவசரப்படாமல் படிக்க வேண்டும். அதில் மூன்று விஷயம் பாருங்கள். அதிகபட்சத் தொகை 399 என்று இருக்க வேண்டும். 2,000, 5,000 என்று இருந்தால், அந்த அளவு வரை எடுக்க நீங்கள் இடம் கொடுத்ததாக ஆகிவிடும். அடுத்து, மாதம் ஒருமுறை என்று இருக்க வேண்டும். மூன்றாவது, முடிவுத் தேதி. நமக்கு ஆறு மாதம் என்று வைக்கச் சொல்லியிருக்கிறோம். ஆறு மாதம் முடிந்ததும் அது தானாக நின்றுவிடும். வேண்டுமானால் நீங்கள்தான் புதுப்பிக்க வேண்டும்.

பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. யாருக்கு, எவ்வளவு, என்றைக்கு என்பது அதில் இருக்கும். விளம்பரச் செய்தி என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

கூட்டத்துக்கு முன் மூன்றாம் மாடி மேடம் ஒருவர், "சேருவது சுலபம் சார், வெளியே வருவதுதானே கஷ்டம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வெளியே வரும் வழியை மறைத்து வைப்பதைச் சந்தா வலை என்று பெயரிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளில் தடை செய்திருக்கிறது. நம் ஏற்பாட்டில் நிறுத்துவதற்கு இரண்டே படிகள்தான். ஆனால் இரண்டையும் செய்ய வேண்டும்.

முதல் படி, 25ஆம் தேதிக்குள் சங்க அலுவலகத்தில் உள்ள பதிவேட்டில் வீட்டு எண்ணுக்கு எதிரே "நிறுத்தம்" என்று எழுதிக் கையெழுத்திடுவது. வர முடியாதவர்கள் அலுவலக எண்ணுக்குச் செய்தி அனுப்பலாம். காரணம் கேட்கமாட்டோம். ஊருக்குப் போகிறவர்கள் "இந்த மாதம் மட்டும் வேண்டாம்" என்றும் எழுதலாம். பொருள் மாற்றிக்கொள்வதற்கும் இதே தேதிதான்.

இரண்டாவது படி, உங்கள் யுபிஐ செயலியில் Autopay என்ற பகுதிக்குப் போய், குழுவின் பெயரைத் தொட்டு, ரத்து செய்து, ரகசிய எண்ணைப் போடுவது. ஒரு மாதம் மட்டும் வேண்டாதவர்கள் ரத்துக்குப் பதில் தற்காலிக நிறுத்தத்தைத் தேர்ந்தெடுக்கலாம். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நீங்கள் கொடுத்த ஒப்புதல் வங்கிக் கணக்கோடு நிற்கிறது. ரத்து செய்தபின் பட்டியலில் அது நின்றுவிட்டதாகக் காட்டுகிறதா என்று பார்த்து, திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

25 தவறிவிட்டால்? 1ஆம் தேதிக்கு முன் செயலியில் ரத்து செய்தால் பணம் போகாது, பெட்டியும் வராது. அலுவலகத்தில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பணம் போய்விட்டால் அந்த மாதப் பெட்டி வந்துவிடும், தொகை திரும்பாது. அடுத்த மாதத்திலிருந்து நிற்கும்.

25 என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. மறுநாள்தான் குழுவினர் அரிசி மாவும் கடலையும் வெல்லமும் சொல்லி வைக்கிறார்கள். 40 வீட்டுக்கு முறுக்கு மட்டும் 10 கிலோ. சுடும் வாரத்தில் ஆறு வீடுகள் பின்வாங்கினால் 6 கிலோ 600 கிராம் பலகாரம் அவர்கள் கையில் தேங்கும். அதை விற்க அவர்களுக்குக் கடை கிடையாது.

தானியங்கிப் பற்று வேண்டாம் என்கிற பெரியவர்கள், 1ஆம் தேதிக்குள் அலுவலகத்தில் ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம். கட்டாத மாதம் பெட்டி இல்லை. அவர்களுக்கு நிறுத்தும் வேலையும் இல்லை.

பெயர் கொடுக்கும் தாள் அலுவலக மேசையில் இருக்கிறது. வீட்டில் எல்லோரிடமும் அந்த ஐந்து பொருள்களைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.