பஸ் நின்னுச்சு, கிளாஸ் போச்சு: சாருக்கு என்ன எழுதறது?

இந்த எபிசோட் ஒரே ஒரு மெயிலைப் பத்தினது. நாலு வரி மெயில்தான். ஆனா அதுக்கு முன்னாடி எழுதின வரைவு இருபது வரி இருந்துச்சு.

எழுதினது என் சித்தி பொண்ணு. தவளக்குப்பத்துல இருந்து புதுச்சேரி பேருந்து நிலையம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிச்சு, ஊருக்கு வடக்கே இருக்கற ஒரு காலேஜுக்குப் போறவ. இரண்டாம் வருஷம். எங்க வீடு நோணாங்குப்பத்துல. கடலூர் ரோட்டுல போற எல்லா பஸ்ஸும் சுண்ணாம்பாற்றுப் பாலம் ஏறி எங்க ஊரைத் தாண்டித்தான் டவுனுக்குள்ள போகணும். அன்னிக்கு அவ வந்த பஸ் பாலத்தை ஒட்டி எங்க ஊர்லயே நின்னுடுச்சு. ‘ஏர் இறங்கிடுச்சு’ன்னு கண்டக்டர் சொல்லியிருக்காரு. இந்த வண்டிகள்ல பிரேக் காத்தழுத்தத்துல வேலை செய்யுது. எங்கயாவது கசிஞ்சு அழுத்தம் ரொம்பக் குறைஞ்சா, பாதுகாப்புக்காக பிரேக் தானாவே பிடிச்சுக்கும். அப்புறம் இறங்கித் தள்ளினாலும் நகராது. இந்த விவரத்தை இங்க சொல்றேன், ஏன்னா எனக்கு இது பிடிக்கும். சாருக்கு எழுதற மெயில்ல இதுக்கு இடமே இல்ல. அவர் மெக்கானிக் இல்ல. ‘பஸ் பழுதாகி நின்றது’, அவ்வளவு போதும்.

அவ முதல்ல எழுதின வரைவு நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச லீவ் லெட்டர் பாஷை. ‘பெருமதிப்பிற்குரிய ஐயா’ன்னு ஆரம்பம். ‘எதிர்பாராத விதமாக’ ரெண்டு தடவை. ‘மிகுந்த மனவேதனை’ ஒரு தடவை. கடைசியில ‘தயவுகூர்ந்து வருகைப்பதிவு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ கூடவே நின்னுபோன பஸ்ஸோட மூணு போட்டோ.

எனக்கு இடிச்ச வரி இதுல எதுவும் இல்ல. நடுவுல சாதாரணமா ஒரு வரி இருந்துச்சு: ‘பேருந்து பழுதானதால் வகுப்புக்கு வர இயலவில்லை.’

நான் ஆபீஸ்ல சர்வர் விழுந்தா என்ன பண்ணுவேனோ அதையே பண்ணேன். எத்தனை மணிக்கு என்ன நடந்துச்சுன்னு வரிசையா கேட்டேன். 7:45க்கு பஸ் ஏறினா. 7:55க்கு வண்டி நின்னுச்சு. பின்னாடி வந்த ரெண்டு பஸ்லயும் கால் வைக்க இடமில்ல. 8:25க்கு மூணாவது பஸ். காலேஜ் வாசல்ல இறங்கினது 9:25. கிளாஸ் 9:00ல இருந்து 9:50 வரைக்கும்.

“அப்போ இன்னும் 25 நிமிஷம் கிளாஸ் இருந்துச்சே?”

“இல்லண்ணா, பாதியில போய்க் கதவைத் தட்டறதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. கேன்டீன்ல உக்காந்துட்டேன்.”

இங்கதான் விஷயம் இருக்கு. பஸ் நின்னது முதல் 25 நிமிஷத்துக்குத்தான் காரணம். அடுத்த 25 நிமிஷத்துக்குக் காரணம் அவளோட தயக்கம். ‘வர இயலவில்லை’ங்கற வரி ரெண்டையும் சேர்த்து பஸ் தலையில கட்டிடுது. வார்த்தை வார்த்தையா பார்த்தா அதுல பொய்யே கிடையாது. ஆனா அதைப் படிக்கற சார், அவ காலேஜ் பக்கமே வரலைன்னு நினைச்சுக்குவார். அவ பத்து மணி கிளாஸ்ல உக்காந்திருந்தது ரெஜிஸ்டர்ல இருக்கும். சார் என்னிக்காவது அதைப் பார்த்தா, பஸ் நின்ன கதையே சந்தேகமாயிடும். உண்மையா நடந்த விஷயம் அது, பாவம்.

அதனால மாத்தினது ஒரு வினைச்சொல்தான். ‘வர இயலவில்லை’ போய் ‘வரவில்லை’ வந்துச்சு. இயலாம போனது எது, நாமளா விட்டது எதுன்னு ரெண்டையும் தமிழ் தெளிவா பிரிச்சுக் காட்டும். பேசும்போது ‘வர முடியல’ன்னு ஒரே வாயில சொல்லிட்டுப் போறோம், எழுதும்போது அந்த வித்தியாசம் துருத்திக்கிட்டு நிக்கும்.

கடைசியா அனுப்பின மெயில் இது. அவ இங்கிலீஷ்ல அனுப்பினா, இங்க தமிழ்ல வாசிக்கிறேன்.

பொருள்: இன்று முதல் வகுப்புக்கு வராதது குறித்து (பெயர், பதிவு எண்)

ஐயா, வணக்கம். இன்று காலை 9 மணி டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்புக்கு நான் வரவில்லை. அதற்கு வருந்துகிறேன். நான் வந்த பேருந்து நோணாங்குப்பத்தில் பழுதாகி நின்றதால், கல்லூரிக்கு வந்து சேர 9:25 ஆகிவிட்டது. பாதி வகுப்பில் உள்ளே வரத் தயங்கி வெளியிலேயே இருந்துவிட்டேன். இன்று நடத்திய பாடத்தைத் தோழியின் குறிப்பைப் பார்த்து நாளைக்குள் படித்துவிடுவேன்.

அவ்வளவுதான். ‘வருந்துகிறேன்’ ஒரே ஒரு தடவை. ‘மன்னித்துவிடுங்கள்’னு போட்டிருந்தா தப்பில்ல. ஆனா அது சாரை ஒரு வேலை செய்யச் சொல்லுது. ஒரு பீரியட் விஷயத்துக்கு அவரை உக்கார வச்சு மன்னிக்கச் சொல்றது கொஞ்சம் அதிகம்னு எனக்குத் தோணுது. ‘வருந்துகிறேன்’ நம்ம பக்கத்துலயே நின்னுடும்.

அட்டெண்டன்ஸ் வரியை எடுத்ததுக்குத்தான் அவ ரொம்ப நேரம் சண்டை போட்டா. நான் படிச்ச அண்ணா பல்கலைக்கழகக் கணக்கை எடுத்துப் பார்ப்போம். 75 சதவீதம் வருகை வேணும். மூணு கிரெடிட் தியரி பேப்பர்னா மொத்தம் 45 பீரியட். அதுல 75 சதவீதம் 33.75, அதாவது 34 பீரியட் இருக்கணும். 11 பீரியட் போனாலும் தாங்கும். உங்க காலேஜ் வேற பல்கலைக்கழகம்னா, ரெகுலேஷன் புத்தகத்துல உங்க கணக்கைப் பாருங்க. அவளுக்கு இது ரெண்டாவது ஆப்சென்ட். கேக்கவே தேவையில்லாத ஒண்ணைக் கேட்டு, வருத்தம் சொல்ற மெயிலை விண்ணப்பமா மாத்திட்டு இருந்தா. விண்ணப்பம்னு ஆயிட்டா, மேல சொன்ன வருத்தம் எல்லாம் அதுக்குப் போட்ட பீடிகை மாதிரிதான் தெரியும். உண்மையிலேயே பத்தாவது, பதினொண்ணாவது ஆப்சென்ட்ல நிக்கறீங்கன்னா, அதைத் தனியா கிளாஸ் அட்வைசர்கிட்ட நேர்ல போய்ப் பேசுங்க.

போட்டோவும் போச்சு. கேக்காம ஆதாரம் நீட்டினா, நம்ப மாட்டீங்கன்னு நாமளே சொல்ற மாதிரி இருக்கும். டிக்கெட்டைப் பர்ஸ்ல வச்சிருக்கச் சொன்னேன். கேட்டா காட்டலாம்.

ஒண்ணு மட்டும் அவகிட்ட சொல்ல மறக்கல. அந்த அரை மணி நேரம் ரோட்டோரமா நின்னப்போ போன் கையில இருந்துச்சு. 8:25க்கு பஸ் ஏறின உடனே, ‘பஸ் பிரேக்டவுன், 9:25 ஆகும், உள்ள வரலாமான்னு சார்கிட்ட கேளு’ன்னு கிளாஸ் ரெப்புக்கு ஒரு மெசேஜ் போட்டிருந்தா இந்த மெயிலே வேண்டியிருந்திருக்காது. சார் நம்பரை அவரே குடுத்திருந்தா ஒழிய அவரோட வாட்ஸ்அப்புக்கு நேரா போகாதீங்க. ரெப் எதுக்கு இருக்காங்க?

மெயில் அன்னிக்கு மத்தியானமே போச்சு. சாயங்காலம் பதில் வந்துச்சு: ‘Ok’. அவ பதறிப்போய் எனக்கு போன் பண்ணா. “அண்ணா, கோவமா இருக்காரா? இன்னொரு மெயில் போடட்டுமா?” போடாதன்னு சொன்னேன். இருநூறு பசங்களுக்குப் பாடம் எடுக்கறவர் ‘Ok’ன்னா ஓகேதான். மறுநாள் அந்த கிளாஸ்ல முன் பெஞ்ச்ல உக்காந்தாளாம், அது அவளோட சொந்த முடிவு.