கழுத்து தலையோடு வர வேண்டும்



வீட்டில் ஒருவர் காலமானதும் அந்தியேட்டிக் கல்வெட்டுக்கும் சுவரில் மாட்டவும் ஒரு நல்ல படம் தேவைப்படுகிறது. அம்மாவுக்குத் தனியே எடுத்த படம் இருக்காது. இருப்பது யாரோ ஒருவரின் கலியாணத்தில் பத்துப் பேர் நடுவே அமர்ந்திருக்கும் படம். அதிலிருந்து தலையை மட்டும் எடுத்து, பட்டுச்சேலை உடுத்திய வேறொரு உடம்பில் பொருத்தித் தருகிறார்கள். ஊர் ஸ்டூடியோக்களில் கையால் வெட்டி ஒட்டிச் செய்த வேலை இப்போது கணினியில் நடக்கிறது. படம் வந்ததும் பிள்ளைகள் சொல்வது ஒன்றுதான்: "முகம் அம்மாதான், ஆனால் அம்மா மாதிரி இல்லை." அந்தக் குறை எங்கே இருக்கிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்பதே இன்றைய பேச்சு.

வெட்டி ஒட்டும் வேலையை உலகமே வியக்கச் செய்து காட்டிய ஒருவர் நம்முடைய இந்த மொன்றியல் நகரத்தில்தான் வாழ்ந்தார். ஸ்கொட்லாந்தில் பிறந்து, 1856இல் மொன்றியல் வந்து, புளூரி வீதியில் ஸ்டூடியோ நடத்திய வில்லியம் நொட்மன். 1870இல் இளவரசர் ஆர்தர் இங்கே இருந்தபோது, விக்டோரியா பனிச்சறுக்கு அரங்கில் மாறுவேடத் திருவிழா ஒன்று நடந்தது. அந்தக் கூட்டத்தை அரங்குக்குள்ளேயே படம் எடுக்க அன்றைய கமராவால் முடியாது. வெளிச்சம் போதாது, ஆட்களும் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே நொட்மன் அவர்களைத் தம் ஸ்டூடியோவுக்கு அழைத்து, அதே உடையில் தனித்தனியே நிறுத்திப் படம் எடுத்தார். அந்த உருவங்களை வெட்டி, வரைந்த பின்னணியில் ஒட்டினார்கள். ஹென்றி சாண்டம், எட்வர்ட் ஷார்ப் என்ற ஓவியர்கள் அதற்கு வண்ணம் தீட்டினார்கள். ஷெர்ப்ரூக் வீதியில் உள்ள மக்கோர்ட் ஸ்டூவர்ட் அருங்காட்சியகம் நொட்மனின் தொகுப்பைப் பாதுகாத்து வருகிறது.

அந்தப் படத்தில் தலைகளை மாற்றவில்லை, முழு உருவங்களைத்தான் ஒட்டினார்கள். ஆனாலும் நமக்கு வேண்டிய பாடம் அங்கே இருக்கிறது. யார் எங்கே நிற்பார், எவ்வளவு உயரமாகத் தெரிவார், வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்தார்கள். தூரத்தில் நிற்க வேண்டியவரைச் சிறிதாக எடுத்தார்கள். ஒட்டிய பிறகு திருத்துவதற்குக் குறைவாகவே மிஞ்சியது. நம் ஆட்கள் செய்வது இதற்கு நேர் எதிர். கிடைத்த உடம்பில் கிடைத்த தலையை வைத்துவிட்டு, பிறகு நிறத்தைத் தேய்க்கிறார்கள். நிறம் கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் அளவு, அடுத்து வெளிச்சம், அதன் பிறகே நிறம்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். 1980களில் யாழ்ப்பாணத்தில் எடுத்த கலியாணப் படம். அம்மா நாற்காலியில் இருக்கிறார், முகம் சற்றே இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. நின்றுகொண்டிருந்த படப்பிடிப்பாளர் ஃபிளாஷ் போட்டு எடுத்திருக்கிறார். கடைக்காரர் இந்தத் தலையைத் தயாராக வைத்திருந்த ஒரு பட்டுச்சேலை உடம்பில் பொருத்தியிருக்கிறார். பார்த்தால் கழுத்து நீண்டு, தோள் அகன்று, முகம் சிவந்து, மார்பு வெளுத்திருக்கிறது.

முதலில் அளவு. எல்லாருக்கும் பொருந்தும் சூத்திரம் தேட வேண்டாம், அம்மாவின் அளவு அந்தக் கலியாணப் படத்திலேயே இருக்கிறது. ஒரு அடிமட்டத்தை வைத்து, முடியும் சேர்த்துத் தலையின் அகலத்தை அளக்கிறோம்: 12 மில்லிமீட்டர். ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் முனை வரை 29 மில்லிமீட்டர். அதாவது தலையைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கடைக்காரர் கொடுத்த உடம்பில் அது மூன்று மடங்கு. அம்மா ஒல்லியானவர். ஆறடி ஆளின் தோளில் அவர் தலை இருந்தால் பிள்ளைகளின் கண் ஒப்புக்கொள்ளாது. அடுத்து, நாடியின் அடியிலிருந்து இரண்டு காறை எலும்புகளும் சந்திக்கும் தொண்டைக்குழி வரை உள்ள தூரத்தை அளக்க வேண்டும். கழுத்து நீண்டுபோவதும் குட்டையாவதும் இந்த ஓர் அளவு தவறுவதால்தான். தலையைப் பெரிதாக்கிச் சமாளிக்கக் கூடாது. அம்மாவின் அளவுக்கு உடம்பையே சிறிதாக்க வேண்டும்.

இனி வெட்டும் இடம். பெரும்பாலானவர்கள் தாடை ஓரமாக வெட்டி, கழுத்தை உடம்போடு விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் காரியம் கெடுகிறது. காதின் பின்புறத்திலிருந்து தொண்டைக்குழிக்கு இறங்கும் தசை ஒன்று கழுத்தின் இரு பக்கமும் உண்டு. கண்ணாடி முன் நின்று முகத்தை இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள், வலப்பக்கத்துத் தசை புடைத்துத் தெரியும். அம்மாவின் முகம் திரும்பியிருக்க, நேராகப் பார்ப்பவரின் கழுத்து அதன் கீழே இருந்தால், எந்த நிறத்தைப் பூசினாலும் பொருந்தாது. எனவே கழுத்து தலையோடு வர வேண்டும். கழுத்தின் அடிவரை அம்மாவினுடையதாகவே வைத்து, சங்கிலி கிடக்கும் வளைவில் இணைப்பை வைக்கலாம். சங்கிலி இணைப்பை மறைக்கும். சட்டை போட்டவர் என்றால் கொலரின் உட்புறம். அங்கே விளிம்பு கூர்மையாக இருக்கலாம். வெறும் தோலின் மேல் இணைக்க வேண்டியிருந்தால் விளிம்பை அகலமாக மென்மையாக்கி, கழுத்து மடிப்பு வரியோடு கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது வெளிச்சம். அம்மாவின் மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். கண்மணியில் உள்ள வெள்ளைப் புள்ளி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். ஃபிளாஷ் படத்தில் அந்தப் புள்ளி கண்ணின் நடுவை ஒட்டி இருக்கும், நிழல் ஒடுங்கிக் கூர்மையாக விழும். கடைக்காரரின் உடம்பிலோ ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வந்து, சேலை மடிப்புகளின் ஒரு பக்கம் முழுவதும் இருண்டிருக்கிறது. இதைச் சரிக்கட்டச் சிலர் உடம்பை இடம் வலமாகப் புரட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால் இடத் தோளில் கிடக்க வேண்டிய சேலைத் தலைப்பு வலத் தோளுக்குப் போய்விடும். ஆண்களின் சட்டைப்பை வலப் பக்கம் வந்துவிடும். முகத்தைப் புரட்டினால் அதைவிட மோசம், மூக்குத்தியும் மச்சமும் வகிடும் இடம் மாறும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த உடம்பை ஃபிளாஷ் முகத்துக்குத் திருத்த முடியாது. வேறு உடம்புதான் எடுக்க வேண்டும்.

நாடியின் கீழே விழும் நிழலை நாமே போட வேண்டியிருக்கும். அது கறுப்பு நிழல் அல்ல. தோலில் விழும் நிழல் செம்மை கலந்த மண்ணிறம். அம்மாவின் மூக்கோரத்து நிழலிலிருந்தே அந்த நிறத்தை எடுத்து, மல்டிப்ளை என்ற முறையில் தனி அடுக்காகப் பூச வேண்டும். தாடையை ஒட்டிய இடத்தில் அடர்த்தியாகவும் விளிம்பு தெளிவாகவும் இருக்க வேண்டும். கீழே போகப் போக வெளிற வேண்டும். சங்கிலிக்கும் நூல் போல ஒரு நிழல் போட வேண்டும். அது இல்லாவிட்டால் சங்கிலி தோலில் படாமல் மிதக்கும்.

மூன்றாவதுதான் நிறம். பல பழைய வண்ணப் படங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடுவதால் படம் சிவந்துபோகும். ஆகவே முகத்தை உடம்போடு ஒப்பிடும் முன், பழைய படத்தையே சரிசெய்ய வேண்டும். அதே படத்தில் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி இருக்கிறது. அது வெள்ளையாகத் தெரியும்வரை சிவப்பைக் குறைத்தால் அம்மாவின் முகமும் தன் நிறத்துக்குத் திரும்பும். பிறகு படம் முழுவதையும் தற்காலிகமாகக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நிறம் மறைந்ததும், எது கூடுதல் வெளிச்சம், எது இருட்டு என்பது பளிச்சென்று தெரியும். கேர்வ்ஸ் கருவியில் உடம்பின் வெளிச்சத்தை முகத்தோடு சமப்படுத்திய பிறகே வண்ணத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஒப்பிடும் இடங்களும் சமமாக இருக்க வேண்டும். கமராவைப் பார்த்திருக்கும் கன்னத்தை, அதேபோல் கமராவைப் பார்த்திருக்கும் மேல்மார்போடு ஒப்பிட வேண்டும். நாடியின் கீழ் நிழலோடு ஒப்பிட்டால் எல்லாம் தவறும். கன்னத்தில் சிவப்பு 184, பச்சை 128, நீலம் 104 என்று வைத்துக்கொள்வோம். மார்பில் சிவப்பு 172, பச்சை 134, நீலம் 112 இருந்தால், மார்பில் சிவப்பைச் சற்றுக் கூட்டி மற்ற இரண்டையும் சற்றுக் குறைக்க வேண்டும். மூன்று எண்களும் அப்படியே ஒன்றாக வேண்டியதில்லை. உயிருள்ள மனிதரின் முகம் மார்பைவிடக் கொஞ்சம் செம்மையாகவே இருக்கும். அந்த வேறுபாட்டையும் அழித்துவிட்டால் மெழுகு பூசியது போல ஆகிவிடும்.

கடைசியாகத் தெளிவு. கூட்டத்தில் 12 மில்லிமீட்டராக இருந்த தலையைப் பெரிதாக்கினால் மங்கலாகத்தான் இருக்கும். அதைச் செயற்கையாகக் கூர்மையாக்கினால் முகம் மாறிப்போகும். சேலையின் கூர்மையை முகத்தின் அளவுக்குக் குறைத்து, இரண்டின் மேலும் ஒரே மெல்லிய மணித்தன்மையைப் போடுவதே முறை. எவ்வளவு பெரிதாக அச்சடிக்கலாம் என்பதையும் முகம்தான் தீர்மானிக்கிறது. கல்வெட்டின் பக்கத்துக்குப் பொருந்தும் படம் சுவரளவுக்குத் தாங்காது.

இவ்வளவும் செய்தாலும் கடைக்காரரின் தயார் உடம்பு முழுமையாகப் பொருந்தாது. நொட்மனின் வழிதான் வழி: தயார் உடம்பைத் தேடாமல், புதிதாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் உடல்வாகுள்ள மகளோ மருமகளோ அம்மாவின் சேலையையே உடுத்தி நாற்காலியில் அமரட்டும். தோள் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று பழைய படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். படம் எடுப்பவர் நின்றுகொண்டு, மூன்று மீட்டர் தள்ளி, சூம் செய்து, ஃபிளாஷ் போட்டு எடுக்கட்டும். கைபேசியை அருகே நீட்டி எடுத்தால் கமராவுக்குக் கிட்ட உள்ள பகுதி பெருத்து அளவு கெட்டுவிடும்.

இப்படி ஒட்டிய படம் நினைவுக்கு மட்டுமே உரியது என்பதையும் மறக்க வேண்டாம். கடவுச்சீட்டுக்கோ வேறு அரசாங்க அலுவலுக்கோ கொடுக்கும் படத்தில் இந்த வேலை எதுவும் கூடாது, திருத்திய படத்தைக் கனடா ஏற்பதில்லை.

அடுத்த முறை இப்படி ஒரு படம் செய்யக் கொடுக்கும்போது தலையை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். முழுப் படத்தையும், அவர் தோள் தெரியும் வேறு ஒரு படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வந்த படத்தில் முதலில் கழுத்தைப் பாருங்கள், முகத்தைப் பிறகு பார்க்கலாம். கழுத்து சரியில்லை என்றால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.