எழுதப்படாத விடைகள்

பாடசாலை மாணவரிடம் வினாக்கொத்தை வழங்கித் திரும்பப் பெறும்போது, சில கட்டங்கள் வெறுமையாய் வருதல் எங்கும் இயல்பு. அவை மறதியால் விடப்பட்டவையாயின் பெருங்கேடில்லை. எழுதியோரைக் கொண்டே முழுமையையும் கணித்துவிடலாம். வன்னிப் பெருநிலத்திலோ வெறுமைக்குக் காரணம் பெரும்பாலும் மறதியன்று.

போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. அதன்பின் சில ஆண்டுகள் கழித்து, கிளிநொச்சிப் பாடசாலை ஒன்றில் 200 மாணவரிடம், "தந்தை குடும்பத்துடன் வாழ்கிறாரா?" என வினவப்பட்டதாகக் கொள்வோம். ஆம், இறந்துவிட்டார், பிரிந்து வாழ்கிறார் என மூன்றே கட்டங்கள். காணாமற்போன தந்தையின் பிள்ளை எதில் அடையாளமிடும்? இறந்தார் என்று எழுதத் தாய் இசையாள். அரசாங்கமே 2016இல் மரணச் சான்றிதழினின்று வேறாகக் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் வழங்கச் சட்டம் இயற்றியது. வினாக்கொத்தைத் தயாரித்தோருக்கு அந்த வேறுபாடு தோன்றவில்லை.

விடை தந்தோர் 140 பேர். அவருள் 28 பேருக்குத் தந்தை உடனில்லை. எஞ்சிய 60 தாள்களை ஒதுக்கிவிட்டால், நூற்றுக்கு 20 என்பது முடிவு. வெறுமையை "ஆம்" எனக் கொண்டாலோ அது 14 ஆகக் குறையும். இவ்விரண்டையும் நம்பி மதிய உணவுக்கோ உதவிப் பணத்துக்கோ திட்டமிட்டால், மிகவும் தேவையுள்ள பிள்ளைகளே கணக்கினின்று நழுவிவிடுவர்.

இங்கே துணையாவது சேர்விடாப்பு. அதில் ஒவ்வொரு மாணவருக்கும் பாதுகாவலர் யாரென்று குறிக்கப்பட்டிருக்கும். (பெயரை விடுத்து, சேர்விலக்கத்தைக் கொண்டே ஒப்பிடுதல் முறை.) தந்தையே பாதுகாவலராயுள்ளோர் 120 பேர்; அவருள் 110 பேர் விடை தந்தனர், 4 பேருக்கே தந்தை உடனில்லை. தாயோ பேர்த்தியோ பாதுகாவலராயுள்ளோர் 80 பேர். அவருள் விடை தந்தோர் 30 பேரே, அந்த முப்பதில் 24 பேருக்குத் தந்தை உடனில்லை. மௌனம் எப்பக்கம் திரண்டு கிடக்கிறது என்பது இப்போது புலனாகும்.

ஆகவே இரு பிரிவையும் தனித்தனியே கணித்தல் வேண்டும். முதற்பிரிவில் ஏறத்தாழ 4. இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 80 வீதம் 64. மொத்தம் 68, அதாவது நூற்றுக்கு 34.

இதுவும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்பதே. ஒரே பிரிவினுள் எழுதாதோரும் எழுதியோரை ஒத்தவர் என்பது அவ்வனுமானம். காணாமற்போனோருக்குக் கட்டமே இல்லாதபடியால், அது முழுதும் பொருந்துவதன்று. இரண்டாம் பிரிவில் எழுதாத 50 பேருக்கும் தந்தை உடனில்லை எனக் கொண்டால், மொத்தம் 78, நூற்றுக்கு 39. அறிக்கையில் 34 என்பதோடு, 39 வரை செல்லக்கூடும் என்பதையும், 60 தாள்கள் வெறுமையாய் வந்தன என்பதையும் எழுதுதல் நேர்மை. அடுத்த முறை அச்சிடும் தாளில், "காணாமற்போனார்", "கூற விரும்பவில்லை" என இரு கட்டங்கள் கூடுதலாக இடம்பெறல் வேண்டும்.