டைல்ஸ் கோடும் ஒரு குறுக்குக்கோடும்: வராண்டா வரையும் பயிற்சி

இன்னைக்கு ஒரே ஒரு பயிற்சியைப் பத்தித்தான் பேசப் போறேன். ஓசூர்ல வார இறுதியில நான் எடுக்கிற ஓவிய வகுப்புல, புதுசா சேர்றவங்க எல்லாரும் மூணாவது வாரம் மாடி வராண்டாவை வரையணும். ரெண்டு பக்கமும் சுவர், கதவுகள், கீழே டைல்ஸ், மேலே சமமான சீலிங். ஒரு புள்ளி பெர்ஸ்பெக்டிவ் கத்துக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

வர்றவங்கள்ல நிறைய பேர் சிப்காட் பக்கம் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவங்க. அதுல ஒரு பையன், ஐடிஐ முடிச்சவன். மெஷின் டிராயிங் பிரமாதமா போடுவான். ஆனா அவன் வரைஞ்ச வராண்டா ஏதோ சாய்வுப் பாலம் மாதிரி இருந்தது. காரணம் எளிது. ஐசோமெட்ரிக் படத்துல இணைகோடுகள் கடைசி வரைக்கும் இணைகோடுதான். பொருளை அளந்து செய்யறதுக்கு அதுதான் சரி. ஆனா வராண்டாவுல நின்னு பார்க்கிற கண்ணுக்கு, நம்மை விட்டு விலகிப் போற கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியில போய்ச் சேரும். "எனக்கு வரைய வரலை சார், நான் நின்னுக்கறேன்"னு சொன்னான். வரைய வராம இல்லை. ரெண்டு வேற வேற கணக்கை ஒண்ணா கலக்கிட்டான், அவ்வளவுதான்.

முதல்ல அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்கணும். வராண்டாவோட நடுவுல நில்லுங்க. ஒரு கண்ணை மூடிக்கங்க. ஒரு ஸ்கேலை முகத்துக்கு நேரா நீட்டி, இடது சுவரும் சீலிங்கும் சேர்ற கோட்டோட பொருத்திப் பாருங்க. அப்புறம் அதே சுவரும் தரையும் சேர்ற கோட்டோட பொருத்துங்க. மேலே இருக்கிறது இறங்கி வரும், கீழே இருக்கிறது ஏறி வரும். ரெண்டையும் நீட்டினா எங்க வெட்டிக்குதோ, அதுதான் மறையும் புள்ளி. அது சரியா உங்க கண் உயரத்துல இருக்கும். சந்தேகமா இருந்தா ஸ்டூல்ல உட்கார்ந்து பாருங்க. புள்ளியும் உங்களோட சேர்ந்து கீழே இறங்கும்.

இப்போ பேப்பர். ஏ3 தாளைப் படுக்கையா வச்சுக்கங்க. எங்க வராண்டா 6 அடி அகலம், 10 அடி உயரம். டைல்ஸ் 2 அடிக்கு 2 அடி. நின்னா கண் உயரம் 5 அடின்னு வச்சுக்குவோம். 1 அடிக்கு 2 செ.மீ. கணக்குல, தாளோட நடுவுல 12 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்துல ஒரு செவ்வகம். அதுதான் வராண்டாவோட முன்வாசல். கீழ்க்கோட்டுல இருந்து 10 செ.மீ. மேலே கண்மட்டக் கோடு, அதோட நடுவுல மறையும் புள்ளி. செவ்வகத்தோட நாலு மூலையையும் புள்ளியோட சேர்த்தா, சுவர், தரை, சீலிங் வந்துடும். கீழ்க்கோட்டை 4 செ.மீ.க்கு ஒண்ணா மூணாப் பிரிச்சு, அதையும் புள்ளியோட சேர்த்தா டைல்ஸோட நீளக் கோடுகள் வந்துடும்.

இது வரைக்கும் எல்லாரும் போட்டுடுவாங்க. சிக்கல் குறுக்குக் கோடுகள்லதான். முதல் டைல் எங்க முடியுது, ரெண்டாவது எங்க முடியுது?

சிலர் சம இடைவெளி விடுவாங்க. அது தப்புன்னு பார்த்ததுமே தெரிஞ்சுடும், தரை ஏணி மாதிரி நிக்கும். நம்ம ஐடிஐ பையன் புத்திசாலி. முதல் வரிசைக்கு ஒரு அளவு, அடுத்ததுக்கு அதுல மூணுல ரெண்டு பங்கு, அதுக்கு அடுத்ததுக்கு மறுபடி மூணுல ரெண்டு பங்குன்னு குறைச்சுக்கிட்டே போனான். பார்க்க நல்லாத்தான் இருந்தது. ஆனா பத்து வரிசைக்கு அப்புறம் கோடுகள் நெருங்கி நெருங்கி நடுவழியிலேயே நின்னுடுச்சு. கண்மட்டம் வரைக்கும் தரை போகவே இல்லை.

சுவாரசியம் என்னன்னா, இது ரொம்பப் பழைய தப்பு. இத்தாலியில லியோன் பத்திஸ்தா ஆல்பர்ட்டி, 1435 வாக்குல ஓவியத்தைப் பத்தி எழுதின நூல்ல, தரையை இப்படியே மூணுல ஒரு பங்கு குறைச்சுக் குறைச்சு வரையறவங்களைக் கண்டிச்சிருக்கார். கூடவே ஒரு சோதனையும் சொன்னார்: சதுரங்கள் வழியா ஒரு நேர் குறுக்குக்கோடு போகணும். வளைஞ்சா தரை தப்பு.

அதே குறுக்குக்கோட்டை வச்சே நாம தரையை வரைஞ்சுடலாம். நான் முதல் டைல் கோட்டுல இருந்து 10 அடி தள்ளி நிக்கிறேன். அதே கணக்குல அது 20 செ.மீ. மறையும் புள்ளியில இருந்து கண்மட்டக் கோட்டுலயே வலப்பக்கம் 20 செ.மீ. அளந்து ஒரு புள்ளி வைங்க. ஏ3 தாள்ல அது ஓரத்துக்கு ஒரு செ.மீ. உள்ளே விழும். செவ்வகத்தோட கீழ் இடது மூலையை அந்தப் புள்ளியோட சேருங்க. இந்தக் கோடு டைல்ஸ் நீளக் கோடுகளை எங்கெங்க வெட்டுதோ, அங்கெல்லாம் ஒரு படுக்கைக் கோடு. மூணு வரிசை கிடைக்கும். மூணாவது வரிசையோட இடது முனையில இருந்து அதே புள்ளிக்கு மறுபடி ஒரு கோடு போட்டா, அடுத்த மூணு.

அளந்து பாருங்க. முதல் வரிசை ஏறக்குறைய 1.7 செ.மீ., ரெண்டாவது 1.2, மூணாவது 0.9, நாலாவது 0.7. குறையுது, ஆனா ஒரே விகிதத்துல குறையலை. குறையற வேகமே மெதுவாகுது, அதனாலதான் தரை கண்மட்டத்தை நோக்கிப் போய்க்கிட்டே இருக்கு. வராண்டாவுல முதல் 10 அடி மட்டுமே கண்மட்டத்துக்குப் பாதி உயரத்தை எடுத்துக்கும். மீதி வராண்டா எல்லாம் அந்த மிச்சப் பாதிக்குள்ளதான். பையன் ஸ்கேலை வச்சு அளந்துட்டு, "அப்போ நான் நிக்கிற தூரம்தான் சார் கணக்கு"ன்னான். அதேதான்.

அதனால கிட்டப் போய் நிக்காதீங்க. 3 அடியில நின்னா அந்த வலப்பக்கப் புள்ளி 6 செ.மீ.க்கு வந்துடும். முதல் டைல் 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரம்னு வரும். கணக்கு சரிதான், ஆனா தரை மேடு மாதிரி ஏறும்.

இன்னொரு பொறி கதவு. மூடின கதவோட மேல் கீழ் விளிம்புகள் அதே மறையும் புள்ளிக்குப் போகும். நேரா, தொண்ணூறு டிகிரி திறந்த கதவுக்கு அந்த விளிம்புகள் படுக்கைக் கோடுதான். பாதி திறந்திருந்தா, அதுக்குக் கண்மட்டக் கோட்டுலயே வேற ஒரு புள்ளி. அதனால முதல் தடவை எல்லாக் கதவையும் சாத்திட்டு வரையுங்க.

கடைசியா ஒண்ணு. கிருஷ்ணகிரி மாவட்டத்துல நடுகற்கள் நிறைய உண்டு. அந்த மாதிரிக் கற்கள்ல வீரன் பெருசா, மத்தவங்க சின்னதா இருக்கிறதைப் பார்க்கலாம். அது தூரக் கணக்கு இல்லை, யார் முக்கியம்ங்கிற கணக்கு. அது தப்பான படம் இல்லை. நாம இன்னைக்குப் பார்த்தது ஒத்தக் கண்ணால, ஒரே இடத்துல அசையாம நிக்கிறவரோட கணக்கு. நின்ன இடம் மாறினா படம் மாறும்.

அந்தப் பையன் நின்னுடலை. அடுத்த வாரம் தான் குடியிருக்கிற லைன் வீட்டு நடையை வரைஞ்சு கொண்டு வந்தான். ஓரத்துல பென்சில்ல குறிச்சிருந்தான்: "நின்ன தூரம் 12 அடி."