ஒரு லிட்டர் என்றால் எந்தப் பாத்திரம்?

பட்டம் பெறும் செவிலியர்களே, மருந்தாளுநர்களே, அவர்களைப் படிக்க வைத்துக் கூட்டிவந்திருக்கும் பெற்றோர்களே, ஆசிரியர்களே, வணக்கம்.

இது ஜூலை மாதம். சாரல் விழுந்துகொண்டிருக்கிறது. குற்றாலத்தில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் நிற்கிறது. தென்காசிப் பக்கத்துக் குழந்தைகள் பிரிவுகளில் வேலை பார்த்தவர்களுக்கு சீசன் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வரும்: குழந்தைகளின் வயிற்றுப்போக்கு. உங்கள் பாடத்தில் அதற்கு ஒரு மணி நேர வகுப்பு இருந்திருக்கும். அந்த வகுப்பை ஒரு தாய் வீட்டுக்குக் கொண்டுபோகும் ஒற்றைத் தாளாக எப்படி மாற்றுவது என்பதை மட்டும் இன்று பேசப்போகிறேன். வேறு அறிவுரைகளைச் சொல்ல மேடையில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

வகுப்பு எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் நோயின் வரையறை, பிறகு ரோட்டா வைரஸ் முதலான காரணிகள், குடலுக்குள் நடப்பவை, நீரிழப்பின் நிலைகள், கடைசியில் சிகிச்சைத் திட்டம் ஏ, பி, சி. பலர் இதே வரிசையைச் சுருக்கித் தமிழில் எழுதிவிட்டு, துண்டுப் பிரசுரம் தயார் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, ஐந்தாவது தடவை பேதியான குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அந்தத் தாளைப் பார்ப்பவளுக்கு வரையறை எதற்கு? இப்போது கையில் எதை எடுக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் வரும் சிகிச்சைத் திட்டம் ஏ, அவளுடைய தாளில் முதல் வரி.

அந்தத் திட்டத்தின் மையமான வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். பொடியை ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கரைத்து, ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி கொடுக்க வேண்டும். எளிமையான வாக்கியம்தான். தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். வீட்டில் இது மூன்று இடங்களில் உடையும்.

முதலாவது, லிட்டர். சொம்பு, குடம், டம்ளர் எல்லாம் வீட்டில் இருக்கும். லிட்டர் என்று எழுதிய பாத்திரம் இருக்காது. ஐந்து டம்ளர் என்று எழுதலாமா? டீக்கடை டம்ளருக்கும் வீட்டு எவர்சில்வர் டம்ளருக்கும் கொள்ளளவில் இரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கலாம். தண்ணீர் குறைந்தால் கரைசலில் உப்பு கூடும். உப்பு கூடிய கரைசல் குழந்தையின் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். ஆகவே தாளில், கடையில் வாங்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் படம் இருக்க வேண்டும். குற்றாலத்தைச் சுற்றி அந்தப் பாட்டில் கிடைக்காத வீடு இல்லை. பாட்டிலைக் கழுவி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை நிரப்பி, அதை அப்படியே ஒரு பாத்திரத்தில் ஊற்றிக் கரைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பாக்கெட். துணை சுகாதார நிலையத்தில் கொடுப்பது ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட்; ஏறக்குறைய 21 கிராம் இருக்கும். மருந்துக்கடையில் 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் விற்கிறார்கள். அது நாலு கிராம் சொச்சம். 'ஒரு பாக்கெட், ஒரு லிட்டர்' என்று மட்டும் அச்சடித்தால், சின்னப் பாக்கெட் வாங்கியவள் அதை ஒரு லிட்டரில் கரைப்பாள். ஐந்தில் ஒரு பங்கு வீரியம்தான் அதில் இருக்கும். உப்பு வாசனை அடிக்கும் வெறுந்தண்ணீர். இதற்கு நேரெதிரும் நடக்கும்: பெரிய பாக்கெட்டைச் சிக்கனமாக வைத்துக்கொண்டு, டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று கண்ணளவில் போடுவது. அப்போது வீரியம் கூடுகிறதா, குறைகிறதா என்று யாருக்கும் தெரியாது. எனவே தாளில் இரண்டு பாக்கெட்டின் படங்களும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். பெரியதன் எதிரில் பாட்டில், சின்னதன் எதிரில் 200 மில்லி. 'பாக்கெட் முழுவதையும் ஒரே தடவையில் கொட்டுங்கள்' என்ற வரியும் வேண்டும். கரைத்ததை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கலாம். கண்ணீரைவிட அதிகமாக உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கரைக்க வேண்டும்.

மூன்றாவது, 50 முதல் 100 மில்லி. இது 200 மில்லி டம்ளரில் கால் முதல் அரை டம்ளர். ஆனால் அளவைவிட வேகம்தான் இங்கே காரியம். அரை டம்ளரை மடக் என்று ஊற்றினால் குழந்தை வாந்தி எடுக்கும். 'வயிறு ஏத்துக்க மாட்டேங்குது நர்சம்மா' என்று தாய் நிறுத்திவிடுவாள். ஒரு டீஸ்பூன் கொடுத்து, ஒரு நிமிடம் விட்டு இன்னொரு டீஸ்பூன் என்று எழுதுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக, மறுபடி.

இனி வெட்ட வேண்டியவை. ரோட்டா வைரஸ் போகலாம். 2002-ல் உலக சுகாதார நிறுவனம் கரைசலின் அடர்த்தியை 311-லிருந்து 245 ஆகக் குறைத்ததும் போகலாம். அது உங்களுக்கான செய்தி. தோலைக் கிள்ளி அது எவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது என்று பார்க்கும் பரிசோதனையையும் எடுத்துவிடுவேன். பயிற்சி உள்ளவர்களே அதில் தடுமாறுகிறார்கள். சர்க்கரையும் உப்பும் போட்டு வீட்டிலேயே கரைசல் செய்யும் முறையையும் நான் சேர்க்க மாட்டேன். இதில் எனக்கும் சில நண்பர்களுக்கும் சண்டை உண்டு. பாக்கெட் இலவசமாகக் கிடைக்கும் ஊரில், உப்பு ஸ்பூனின் அளவை ஒரு தாயின் பதற்றத்திடம் ஒப்படைக்க வேண்டாம் என்பது என் கட்சி. பாக்கெட் கைக்கு வரும்வரை உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் போதும்.

அப்படியானால் விஞ்ஞானம் முழுவதையும் வெட்டிவிடலாமா? கூடாது. ஒரு வரி இருந்தே ஆக வேண்டும். ஏன் என்பதற்கு வங்கதேசம் சாட்சி.

1971 போரின்போது மேற்கு வங்காளத்து பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தபோது, டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை உறவினர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. அடுத்து அதை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். 1980-ல் பிராக் என்ற வங்கதேச நிறுவனம் வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பியது. பெரும்பாலான தாய்மாருக்குப் படிக்கத் தெரியாது. மூன்று விரல்களால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர்: இதுதான் பாடம். முதலில் பத்துக் குறிப்புகள் வைத்திருந்தார்கள். நினைவில் நிற்கவில்லை என்று ஏழாகக் குறைத்தார்கள். இன்னொரு குழு பின்னால் போய்ச் சில தாய்மாரிடம் சொல்லிக் காட்டவும் கரைத்துக் காட்டவும் கேட்டது. தாய்க்கு எவ்வளவு நினைவிருந்ததோ, அதைப் பொறுத்துத்தான் ஊழியருக்குச் சம்பளம்! பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குப் போனார்கள்.

ஆனால் நடுவில் ஒரு சிக்கல். தாய்மார்கள் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்கள், சரியாகக் கரைத்தார்கள். குழந்தைக்குப் பேதியானபோது கொடுத்தவர்கள் சிலர்தான். விசாரித்தால், ஊழியர்களிலேயே பலருக்கு அதில் நம்பிக்கை இல்லை. அது எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்கு யாரும் விளக்கவில்லை. வீட்டு ஆண்களிடமும் யாரும் பேசவில்லை. இரண்டையும் சரிசெய்த பிறகுதான் பயன்பாடு கூடியது.

நம் ஊரிலும் அதே சந்தேகம் உண்டு. 'குடிக்கக் குடிக்கப் போவுதே, எதுக்குக் குடுக்கணும்?' என்று பாட்டி கேட்பார். குடலேத்தம் தட்டக் கூட்டிப்போகச் சொல்லுவார். அவருக்குத் தாளில் பதில் இருக்க வேண்டும்: 'இந்தக் கரைசல் பேதியை உடனே நிறுத்தாது. பேதியில் போன தண்ணீரையும் உப்பையும் உடம்புக்குத் திருப்பித் தரும். பேதி சில நாளில் தானே குறையும்.' பேதி நேரத்திலும் குடல் உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும், தண்ணீர் பின்னாலேயே போகும் என்று நீங்கள் படித்த பக்கங்கள் இந்த மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கிவிட்டன.

இப்படி வரும் தாளை வாசிக்கிறேன். 'பீடி சுற்றிய கையையும், குழந்தைக்குக் கழுவிவிட்ட கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாக்கெட்டின் பின்னால் எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள். பாக்கெட் முழுவதையும் அந்தத் தண்ணீரில் கொட்டிக் கரையுங்கள். ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் கால் முதல் அரை டம்ளர், ஸ்பூன் ஸ்பூனாக. இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு அரை முதல் ஒரு டம்ளர். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். இன்று கரைத்தது நாளை இதே நேரத்துக்கு ஆகாது, கொட்டிவிடுங்கள். துத்தநாக மாத்திரை, பேதி நின்றாலும், 14 நாள்.' பேதி நின்ற நாலாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்பதால், கீழே 14 கட்டங்கள் போட்டு, தினம் ஒன்றை அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு முதல் ஆறு மாதம் வரை அரை மாத்திரை, அதற்கு மேல் ஐந்து வயது வரை ஒரு மாத்திரை. எது அந்தக் குழந்தைக்கு உரியதோ, அதை நீங்களே பேனாவால் வட்டமிட்டுக் கொடுங்கள்.

பின்பக்கம் முழுவதும் ஒரே விஷயம்: எப்போது உடனே கிளம்ப வேண்டும். குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, எழுப்பினாலும் துவண்டு கிடக்கிறது, கண் உள்ளே போயிருக்கிறது, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி இறங்கியிருக்கிறது, ஆறு மணி நேரமாக மூத்திரம் இல்லை, மலத்தில் ரத்தம். அடியில் பெரிய எழுத்தில் 108.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை உண்டு. கீழப்பாவூரிலோ கடையநல்லூரிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் தாளையும் பாக்கெட்டையும் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு பாருங்கள். 'புரிஞ்சுதாம்மா?' என்று கேட்காதீர்கள். புரிந்தது என்றுதான் மரியாதைக்குச் சொல்வார்கள். கரைத்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் கை எந்த இடத்தில் தயங்குகிறதோ, அந்த வரியைத் திருத்துங்கள். நாலைந்து வீடு போனாலே பெரும்பாலான ஓட்டைகள் தெரிந்துவிடும்.

மருந்தாளுநர்களுக்கு ஒன்று. ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு பழச்சுவை அட்டைப்பெட்டிப் பானங்கள் விற்றன. சர்க்கரை கூடிய பானம் குடலுக்குள் தண்ணீரை இழுத்து பேதியைக் கூட்டும். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அத்தகைய பானங்களின் பெயரில் அந்த எழுத்துகள் கூடாது என்று உத்தரவிட்டது. ஆனாலும் அருவியில் குளித்துவிட்டு வரும் குடும்பம் அந்தப் பெட்டியைத்தான் கேட்கும். பொடிப் பாக்கெட்டை எடுத்துக் கொடுங்கள், கூடவே தாளையும்.