கைக்கு வராத சம்பளமும் வருமான வரியும்
(ஊழியர்களும் சம்பளப் பட்டியல் தயாரிப்போரும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் இளம் எழுத்தர் ஒருவர் தமது படிவம் 16-ஐக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “ஐயா, ஆண்டு முழுவதும் நான் வாங்கிய சம்பளத்தைக் கூட்டிப் பார்த்தேன். இதில் காட்டியிருக்கும் தொகை அதைவிட அதிகமாக இருக்கிறது. என் கைக்கு வராத பணத்துக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்?” என்று கேட்டார். அவருடைய கேள்வி நியாயமானதே. அதிகமாகத் தெரிந்த தொகை, அரசு அவருடைய தேசிய ஓய்வூதியத் திட்டக் கணக்கில் செலுத்திய பங்குத்தொகையாகும். அதைச் சம்பளத்தில் சேர்த்ததில் தவறில்லை. சேர்த்த பிறகு அதைக் கழிக்காமல் விட்டதுதான் தவறு. இன்றைய உரைக்கு அந்தத் தவற்றையே தொடக்கமாகக் கொள்கிறேன்.

2004 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்கள், முப்படையினர் நீங்கலாக, இத்திட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டனர். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதத்தை ஊழியர் செலுத்துகிறார். அரசும் முதலில் 10 சதவீதமே செலுத்தி வந்தது. 2019 ஏப்ரல் முதல் அது 14 சதவீதமாயிற்று. இந்த இரு தொகைகளும் ஒரே கணக்கில்தான் சேருகின்றன. ஆயினும் வருமான வரிச் சட்டம் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை.

வேலை வழங்குவோர் செலுத்தும் பங்கு, ஊழியர் கையால் தொடாத பணமாயினும், அவருக்காகக் கொடுக்கப்பட்டதாகும். ஆகவே சட்டம் அதை முதலில் அவருடைய சம்பளத்தில் கூட்டச் சொல்கிறது. அடுத்த படியில், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80 சிசிடி (2) என்ற பிரிவின்படி, குறிப்பிட்ட வரம்புக்குள் அதே தொகையைக் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. கூட்டல், கழித்தல் ஆகிய இரண்டும் நடந்தால்தான் கணக்கு சரியாகும். ‘இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றனவே, பின் எதற்கு இந்தச் சுற்று?’ என்று நீங்கள் நினைக்கலாம். கழிவுக்கு வரம்பு இருப்பதே இதற்குக் காரணம். வரம்பை மீறிச் செலுத்தினால், மீறிய பகுதி சம்பளத்திலேயே தங்கி வரிக்குரியதாகிவிடும்.

அந்த வரம்பு சம்பளத்தின் சதவீதமாகக் கணக்கிடப்படுகிறது. இங்கே சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும், பணி நிபந்தனைகள் அனுமதித்தால் அகவிலைப்படியும் மட்டுமே. வீட்டு வாடகைப்படி, சிறப்புப்படி போன்றவை இதில் சேரா. மத்திய, மாநில அரசு ஊழியர்களுக்கு வரம்பு 14 சதவீதம். தனியார் ஊழியர்களுக்குப் பழைய வரிமுறையில் 10 சதவீதம். புதிய வரிமுறையில், 2024-25 நிதியாண்டு முதல், 14 சதவீதம். அடிப்படைச் சம்பளத்தைச் சிறியதாக வைத்துப் படிகளைப் பெருக்கிக் காட்டும் நிறுவனங்கள் உண்டு. அத்தகைய இடத்தில் மொத்தச் சம்பளம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தக் கழிவு சிறியதாகவே இருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறையைத் தேர்ந்த தனியார் நிறுவன ஊழியர் ஒருவர். மாதம் அடிப்படைச் சம்பளம் 70,000 ரூபாய். படிகள் 45,000 ரூபாய். ஆண்டுக்கு மொத்தம் 13,80,000 ரூபாய். வருங்கால வைப்பு நிதியை எளிமை கருதி விட்டுவிடுகிறேன். நிலையான கழிவு 75,000 ரூபாய் போக, வரிக்குரிய வருமானம் 13,05,000 ரூபாய். இதற்கு வரி 75,750 ரூபாய். 4 சதவீத செஸ் சேர்த்தால் 78,780 ரூபாய்.

இப்போது அவர் நிறுவனத்தாரிடம் பேசி, படிகளில் மாதம் 9,800 ரூபாயைக் குறைத்து, அத்தொகையை நிறுவனத்தின் பங்காகத் தம் ஓய்வூதியக் கணக்கில் செலுத்தச் செய்கிறார். ஆண்டுக்கு 1,17,600 ரூபாய். அடிப்படைச் சம்பளத்தில் சரியாக 14 சதவீதம். மொத்தச் சம்பளம் முன்போலவே 13,80,000 ரூபாயாகக் காட்டப்படும். அதிலிருந்து நிலையான கழிவும் இந்த 1,17,600 ரூபாயும் போக மிஞ்சுவது 11,87,400 ரூபாய். புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருப்பதால், அவர் கட்ட வேண்டிய வரி ஏதுமில்லை. 1,17,600 ரூபாய் ஓய்வூதியக் கணக்கில் சேர்ந்தும், ஆண்டில் அவர் கைக்கு வருவது 38,820 ரூபாய்தான் குறைகிறது.

அவரே அதே 1,17,600 ரூபாயைத் தம் சம்பளத்திலிருந்து அதே கணக்கில் கட்டியிருந்தால்? புதிய வரிமுறையில் ஊழியரின் சொந்தப் பங்குக்குக் கழிவே கிடையாது. வரி 78,780 ரூபாய் அப்படியே நின்றிருக்கும். பழைய முறையில் சொந்தப் பங்குக்குக் கழிவு உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி காப்புறுதிக் கட்டணம், வைப்பு நிதி முதலியவற்றோடு 1,50,000 ரூபாய் என்ற ஒரே வரம்புக்குள் அடங்க வேண்டும். வேலை வழங்குவோரின் பங்கு அந்த வரம்புக்கு வெளியே, தனியாக நிற்கிறது. ஆகவே பணம் யார் பெயரில் செலுத்தப்படுகிறது என்பதே கழிவைத் தீர்மானிக்கிறது. பல ஊழியர்கள் ஆண்டு இறுதியில் அவசரமாகத் தாமே பணம் கட்டிவிட்டு ஏமாறுவது இதை அறியாததால்தான்.

இந்த எடுத்துக்காட்டில் இலாபம் பெரிதாகத் தெரிவதற்கு அவர் 12 லட்ச எல்லையை ஒட்டி நிற்பதே காரணம். எல்லாருக்கும் இப்படி அமையாது. அவருக்கே வங்கி வைப்புத்தொகை வட்டி 30,000 ரூபாய் இருந்தால் வருமானம் 12,17,400 ரூபாயாகும். அப்போது எல்லையைத் தாண்டிய 17,400 ரூபாயை வரியாகவும், அதன்மேல் செஸ்ஸாக 696 ரூபாயையும் கட்ட நேரும். வட்டியை மறந்துவிட்டுச் சம்பளத்தை மட்டும் பார்ப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

உயர்ந்த சம்பளக்காரர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. வைப்பு நிதி, ஓய்வூதியக் கணக்கு, முதுமைக்கால நிதி ஆகிய மூன்றுக்கும் வேலை வழங்குவோர் செலுத்துவது ஆண்டுக்கு 7,50,000 ரூபாயைத் தாண்டினால், மிகுதி வரிக்குரியது. 2020ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இதைக் கொண்டுவந்தது.

இன்று வரி மிச்சமானாலும், இந்தப் பணம் நினைத்தபோது எடுக்கத்தக்கதன்று என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஓய்வுபெறும்போது சேமிப்பின் ஒரு பகுதியைக் கொண்டு மாத ஓய்வூதியம் தரும் திட்டத்தை வாங்கியாக வேண்டும். அந்த ஓய்வூதியம் பெறும் ஆண்டில் வரிக்குரியது. வீட்டுக்கடன் தவணைக்கே சம்பளம் போதாத இளைஞர் ஒருவர் வரிக்காக மட்டும் படியைக் குறைத்துக்கொள்வது அறிவுடைமையாகாது.

இனி, தொடக்கத்தில் கூறிய எழுத்தரிடம் வருகிறேன். அவருக்கு அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் இன்று மாதம் ஒரு லட்சம் ரூபாய் என்று கொள்வோம். அரசின் பங்கு ஆண்டுக்கு 1,68,000 ரூபாய். அதைக் கூட்டிவிட்டுக் கழிக்காமல் விட்டால், 15 சதவீத அடுக்கில் இருக்கும் அவர் செஸ்ஸுடன் 26,208 ரூபாய் வீணாகக் கட்டுவார். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. சம்பளப் பட்டியலில் பங்கைக் கூட்டாமலே விட்டிருப்பார்கள். ஊழியரோ தம் வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக் காட்டுவார். அப்போது வருமானம் குறைத்துக் காட்டப்பட்டதாகி, பின்னாளில் விளக்கம் கேட்டு அறிவிப்பு வரும்.

இதைக் கண்டறிவது எளிது. பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளின் கூட்டுத்தொகையைப் படிவம் 16-இன் மொத்தச் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு, ஓய்வூதியக் கணக்கின் ஆண்டு அறிக்கையில் வேலை வழங்குவோர் பங்கு என்று பதிவான தொகைக்கு ஈடாக இருக்க வேண்டும். பிறகு, அதே தொகை கழிவுகளின் பகுதியில் 80 சிசிடி (2) என்ற வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊழியரின் சொந்தப் பங்கை அந்த வரியில் எழுதிவிடுவதும் அடிக்கடி காணும் பிழை. 2026 ஏப்ரல் முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்துவதால் பிரிவு எண் மாறும். ஒப்பிடும் முறை இதுவேதான்.

அந்த எழுத்தர் இம்மூன்று தாள்களையும் மேசைமேல் பரப்பி வைத்தார். விடுபட்ட கழிவு அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. அவர் தமது வருமான வரிக் கணக்கில் அதைக் கோரி, அதிகமாகப் பிடித்த வரியைத் திரும்பப் பெற்றார். அலுவலகத்தில் அந்த ஆண்டு மற்றவர்களுடைய படிவங்களையும் திருத்தி வழங்கினார்கள்.