என்ன விலை, எப்போது விற்க?



தக்காளி வாங்க ஆள் அனுப்புகிறோம். "என்ன விலையானாலும் வாங்கி வா" என்றால் தக்காளி நிச்சயம் வரும். விலைக்கு உத்தரவாதம் இல்லை. "40 ரூபாய்க்கு மேல் வேண்டாம்" என்றால் விலை நம் கையில். ஆனால் பை காலியாகவும் திரும்பலாம்.

பங்குச் சந்தையிலும் இப்படித்தான். முதலாவது மார்க்கெட் ஆர்டர், இரண்டாவது லிமிட் ஆர்டர். திரையில் பங்கு 100 ரூபாய் என்று தெரியும். விற்பவர்கள் குறைவாக இருந்தால், மார்க்கெட் ஆர்டரில் அது 103 ரூபாய்க்கும் கிடைக்கலாம். 98 என்று லிமிட் போட்டால், 98 அல்லது அதற்குக் குறைவாக மட்டுமே வாங்கும். விலை இறங்காவிட்டால் பங்கு கிடைக்காது.

மூன்றாவது, ஸ்டாப் லாஸ். 100 ரூபாய்க்கு வாங்கிய பங்கு சரிந்தால் விற்றுவிட வேண்டும். அதற்காக 95-ஐ ட்ரிக்கர் விலையாகவும், 94-ஐ லிமிட் விலையாகவும் வைக்கிறோம். 95-ஐத் தொடும்வரை ஆர்டர் தூங்கும். தொட்டதும் விழித்து, 94 வரை விற்கப் பார்க்கும்.

இங்கேதான் கவனம் வேண்டும். சந்தை நடக்கும்போதே கெட்ட செய்தி வருகிறது. பங்கு ஒரே தாவலில் 88-க்கு இறங்குகிறது. ஆர்டர் விழித்துவிடும், ஆனால் 94 கொடுக்க ஆள் இல்லை. பங்கு நம்மிடமே நிற்கும். ஸ்டாப் லாஸ் போட்டாயிற்று என்று இருந்துவிடாமல், ஆர்டர் பட்டியலைப் பாருங்கள். நிலுவையில் என்று காட்டினால், இன்னும் விற்கவில்லை.

மார்க்கெட் ஆர்டரில் விலை உறுதியில்லை. லிமிட் ஆர்டரில் வியாபாரம் உறுதியில்லை. லிமிட் வைத்த ஸ்டாப் லாஸ், விழித்த பிறகு வெறும் லிமிட் ஆர்டர்தான்.